சான்றிதழுக்குப் பணமா, நாளுக்குப் பணமா, மாதத்துக்குப் பணமா: ஐ.எஸ்.ஓ. ஆலோசகருடன் செய்யும் மூன்று வகை ஒப்பந்தங்கள்

கோயம்புத்தூரில் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு பம்ப் உதிரிபாகப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். பெரிய வாடிக்கையாளர் ஒருவர், தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் இருந்தால்தான் அடுத்த ஆண்டு ஆர்டர் தருவதாகச் சொல்லிவிட்டார். உரிமையாளர் தனியாகத் தொழில் செய்யும் ஆலோசகர் ஒருவரை அழைக்கிறார். கட்டணம் எவ்வளவு என்பதில் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். அந்தக் கட்டணம் எந்த வேலைக்கு, எது கையில் வந்தபின், எந்த நாளில் என்பதை மட்டும் இருவரும் வாய்ப்பேச்சில் விட்டுவிடுவார்கள். இத்தகைய ஒப்பந்தங்களை எழுதித் தரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், வழக்கத்தில் உள்ள மூன்று வகைகளையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதல் வகை, மொத்தத் தொகை பேசி, பாதியை முன்பணமாகவும் மீதியைச் சான்றிதழ் வந்த பிறகும் தருவது. உரிமையாளர்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். சான்றிதழ் வந்தால்தானே மீதிப் பணம் என்ற நிம்மதி அவர்களுக்கு இருக்கிறது. அந்த நிம்மதிக்கு அடிப்படை இல்லை. சான்றிதழைத் தருவது ஆலோசகர் அல்ல, தனியான சான்றிதழ் நிறுவனம். அந்த நிறுவனம் தான் தணிக்கை செய்யும் அமைப்புக்கு ஆலோசனை தரக் கூடாது என்பது அதற்குரிய சர்வதேச விதி. எனவே “சான்றிதழ் வாங்கித் தருகிறேன்” என்று எழுதிக் கொடுக்கும் ஆலோசகர், தன் கையில் இல்லாத ஒன்றை விற்கிறார். சான்றிதழ் நிச்சயம் என்று அவர் அடித்துச் சொன்னால், அந்தச் சான்றிதழ் நிறுவனம் என்.ஏ.பி.சி.பி. போன்ற அங்கீகார அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் வாங்கிய தாளை வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினால், அந்த ஆர்டரும் அதோடு போய்விடும்.

இந்த வகையில் நடக்கும் கோளாறு ஒன்றை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். 1,80,000 ரூபாய் பேசி, 90,000 முன்பணம் கொடுத்திருந்தார்கள். அவசர ஆர்டர் வந்ததால், உள் தணிக்கையையும் நிர்வாக மீளாய்வுக் கூட்டத்தையும் பட்டறையே மூன்று மாதம் தள்ளிப்போட்டது. இந்த இரண்டும் முடிந்து, அவற்றின் பதிவுகள் இருந்தால்தான் சான்றிதழ் நிறுவனம் செய்யும் இரண்டாம் கட்டத் தணிக்கைக்குப் போக முடியும். மீதி 90,000 கண்ணுக்கெட்டாத தூரத்தில் நின்றதால், ஆலோசகர் வேலையை எப்படியாவது முடித்துவிட நினைத்தார். வேறொரு ஆலைக்கு எழுதிய செயல்முறைகளைப் பெயர் மாற்றிக் கொண்டுவந்து வைத்தார். உருக்கு உலையே இல்லாத பட்டறையின் கோப்பில் உலை வெப்பநிலைப் பதிவேடு ஒன்று இருந்தது. தணிக்கையாளர் லேத்தில் நின்றவரிடம் அவருடைய வேலைக்குரிய தாளைக் காட்டும்படி கேட்டார். அவர் அப்படி ஒரு தாளைப் பார்த்ததே இல்லை என்று உள்ளபடி சொன்னார். அதன் பிறகு, தாமதத்துக்குக் காரணம் யார் என்ற சண்டைதான் மிஞ்சியது. அதைத் தீர்ப்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. இருவருமே நாணயமானவர்கள்தாம். பணத்தை இருவர் கையிலும் இல்லாத ஒரு நிகழ்வோடு கட்டிவைத்ததுதான் பிழை.

இரண்டாம் வகை, நாள் கணக்கில் கட்டணம். என்ன வேலை இருக்கிறது என்றே தெரியாத தொடக்கத்தில் இதுதான் இருவருக்கும் நியாயமானது. ஆனால் உச்சவரம்பு இல்லாமல் கையெழுத்திட்டால் கணக்கு கைமீறும். நாளுக்கு 6,000 ரூபாய் வீதம் 24 நாள் வேலை என்று மதிப்பிட்டால் 1,44,000 ஆகிறது. உற்பத்தி மேலாளர் நேரம் ஒதுக்காமல் ஆலோசகர் காத்திருந்த நாள்களும் சேர்ந்து அது 37 நாளானால் 2,22,000 ஆகிவிடும். காத்திருந்த நாளும் ஆலோசகருக்குச் செலவான நாள்தான் என்பதால், அவர் கேட்பதில் தவறில்லை. ஆகவே நாள் கணக்கு ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: ஒரு நாள் என்பது எத்தனை மணி நேரம், பயண நேரம் அதில் சேருமா, மொத்தம் இத்தனை நாளைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு, அந்த வரம்பில் ஐந்தில் நான்கு பங்கு முடிந்ததும் ஆலோசகர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை. வேலைத் தாளில் “ஆவண வேலை, ஒரு நாள்” என்று எழுதுவதை ஏற்கக் கூடாது. “உள்வரும் பொருள் பரிசோதனைச் செயல்முறை, முதல் வரைவு” என்று எழுதினால்தான் அந்த நாளில் என்ன நடந்தது என்று பின்னால் சரிபார்க்க முடியும்.

மூன்றாம் வகையான மாதக் கட்டணம், சான்றிதழ் வாங்கும் கட்டத்துக்குப் பொருந்தாது. வேலை நீள நீளப் பணம் வந்துகொண்டிருக்கும் ஏற்பாட்டில் முடிக்க வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இருக்காது. இதற்குரிய இடம் சான்றிதழ் வந்த பிறகு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் தேர்வு, முதல் இரண்டையும் அடுத்தடுத்து வைப்பது. முதலில் இடைவெளி ஆய்வை மட்டும் நாள் கணக்கில், நான்கு நாளுக்கு மிகாமல், 24,000 ரூபாய்க்குத் தர வேண்டும். ஐ.எஸ்.ஓ. 9001 என்ற தர நெறியின் 4 முதல் 10 வரையான பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் பட்டறையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, இல்லாததை யார் செய்ய வேண்டும் என்று சொல்லும் அறிக்கைதான் அதன் ஒப்படைப்பு. அந்த அறிக்கை பட்டறைக்கே சொந்தம். அதை எடுத்துக்கொண்டு வேறு ஆலோசகரிடம் போகவும் உரிமை உண்டு. அறிக்கை கையில் இருக்கும்போது மீதி வேலையின் அளவு இருவருக்கும் தெரிந்துவிடுவதால், அதற்கு மொத்தத் தொகை பேசலாம். அதை 1,50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நான் பிரிக்கும் விதம் இதுதான்: கையெழுத்தானதும் 30,000. செயல்முறைகளும் படிவங்களும் ஏற்கப்பட்டதும் 37,500. தொழிலாளர்களுக்குப் பயிற்சி முடிந்து, புதிய படிவங்களில் ஒரு மாதப் பதிவுகள் இருக்கும்போது இன்னொரு 37,500. உள் தணிக்கையும் நிர்வாக மீளாய்வும் முடிந்ததும் 30,000. இரண்டாம் கட்டத் தணிக்கையில் வந்த குறைகளில் ஆலோசகர் எழுதிய ஆவணங்களால் வந்தவற்றை அவர் சரிசெய்து கொடுத்ததும் கடைசி 15,000. பட்டறையின் நடைமுறையால் வந்த குறைகளுக்கு அவர் உதவி வேண்டுமானால், அது அதே நாள் வீதத்தில் தனிக் கணக்கு. சான்றிதழ் என்ற சொல் எந்தத் தவணையிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆலோசகர் தன் கையால் செய்து முடிக்கக்கூடிய, நாம் கண்ணால் பார்த்து ஏற்கக்கூடிய ஒன்றோடுதான் ஒவ்வொரு தவணையும் கட்டப்பட்டிருக்கிறது.

பட்டறையின் பக்கம் வேலை நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும். நிர்வாகத்தால் 15 நாளுக்கு மேல் வேலை தடைபட்டால், அந்தத் தவணையில் முடிந்த அளவுக்கு ஆலோசகர் பில் போடலாம் என்ற ஒரு வரி, மேலே சொன்ன 90,000 சண்டையைத் தவிர்த்திருக்கும்.

பணி வரையறையில் பலர் கோட்டைவிடும் இடம் இரண்டு. ஒன்று, எந்த இடம் என்பது. பட்டறைக்கு இரண்டாவது ஷெட் இருந்து, அது ஒப்பந்தத்தில் பெயர் சொல்லப்படாவிட்டால், தணிக்கைக்கு ஒரு மாதம் முன்புதான் அது நினைவுக்கு வரும். இன்னொன்று, வடிவமைப்புப் பிரிவு. வாடிக்கையாளரின் வரைபடத்தின்படி மட்டும் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை, வடிவமைப்பைப் பற்றிய தர நெறியின் 8.3 பிரிவு தனக்குப் பொருந்தாது என்று காரணம் காட்டி விலக்கலாம். அப்படியானால் அந்த வேலை ஒப்பந்தத்திலும் இருக்கக் கூடாது. சொந்த வடிவமைப்பில் ஒரே ஒரு பாகம் செய்தாலும் கதை மாறிவிடும். அதை ஆலோசகரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மைக்ரோமீட்டர், வெர்னியர், கேஜ்கள் இவற்றின் கேலிபரேஷன் செலவும் சான்றிதழ் நிறுவனத்தின் கட்டணமும் இந்தத் தொகையில் சேராது என்பதையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். “மற்றும் தொடர்புடைய பணிகள்” என்ற தொடர் வரைவில் இருந்தால் அடித்துவிடுங்கள். அந்த மூன்று சொற்களுக்குள் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதை வைத்துக்கொள்வார்கள்.

ஏற்பு என்பதற்கு நாள் குறிக்க வேண்டும். ஒப்படைத்த ஏழு வேலை நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கருதப்படும் என்று எழுதுவது இரு தரப்புக்கும் நல்லது. ஆலோசகர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இதில் நுழைகிறது. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதினாலும், ஏற்பு நாளிலிருந்து 45 நாளைத் தாண்ட முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். “பில் வந்து 60 நாளில்” என்று பழைய படிவத்தில் இருப்பதை அப்படியே நகல் எடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தொகை வரிக்கு முன்பா பின்பா என்பதையும் ஒரு வரியில் முடித்துவிட வேண்டும். ஆலோசகர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் என்றால், 37,500 ரூபாய் பில்லில் 18 சதவீத வரி 6,750 சேர்ந்து 44,250 ஆகும். பட்டறை கம்பெனியாகவோ கூட்டாண்மை நிறுவனமாகவோ இருந்து, அவருக்கு ஆண்டில் தரும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டுமானால் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். பில்லில் ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அந்தப் பிடித்தம் 37,500 மீது மட்டும்தான், அதாவது 3,750. ஆலோசகர் கைக்குப் போவது 40,500. இதை முன்பே எழுதிவைத்தால், கணக்குப் பிரிவு பணத்தைக் குறைத்து அனுப்பிவிட்டது என்ற வருத்தத்துக்கு இடமில்லை.

எழுதப்பட்ட படிவங்கள் யாருடையவை என்பது இந்தியாவில் தானாகத் தீர்வதில்லை. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதினால் பதிப்புரிமை நிறுவனத்துக்குப் போகும். தனி ஆலோசகர் எழுதினால், எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றித் தரும்வரை அவரிடமே இருக்கும். மாற்றித் தரும்போதும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கொள்கிறது. எனவே பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் என்ற சொற்கள் இருக்க வேண்டும். அந்த மாற்றம் கடைசித் தவணை போய்ச் சேர்ந்த நாளில் நடைமுறைக்கு வருவது ஆலோசகருக்கும் நியாயம்.

இனி மாதக் கட்டணம். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கானது. இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. அந்தக் காலத்தில் மாதம் இரண்டு நாள், 11,000 ரூபாய் என்ற ஏற்பாடு பொருத்தமாக இருக்கும். பயன்படுத்தாத நாள்கள் மூன்று மாதம் வரை சேர்ந்து அதன்பின் காலாவதியாகும் என்றும், 30 நாள் முன்னறிவிப்பில் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றும் எழுத வேண்டும். ஒவ்வொரு மாதமும் எந்தப் பிரிவின் பதிவுகள் பார்க்கப்பட்டன என்று ஒரு பக்கக் குறிப்பு தருவதே இதன் ஒப்படைப்பு. அந்தக் குறிப்பு கிடைக்காத மாதத்துக்குப் பில்லை ஏற்க வேண்டியதில்லை.