வீசிங் என்று சொல்லி ஐந்து வாரம் வீணாக்கினார்கள்

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மகன் பிறந்த மூன்றாவது வாரத்தில், மல்லாந்து தூங்கும்போது மூச்சில் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அழும்போதும் பால் குடிக்கும்போதும் அது கூடியது. ஆறாவது வாரத்தில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிப்போனோம். மருத்துவர் சட்டையைக் கழற்றாமலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, “வீசிங்தான், நெபுலைசர் வைக்கணும்” என்றார். இயந்திரத்தையும் அங்கேயே விற்றார்கள். ஒருக்களித்துப் படுக்கவைக்க ஒரு சரிவுத் தலையணையையும் தலையில் கட்டினார்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை சால்புட்டமால். சத்தம் துளியும் குறையவில்லை. போய்ச் சொன்னால் “இன்னும் ஒரு வாரம் பாருங்கள்” என்பார்கள். இப்படியே ஐந்து வாரம் ஓடியது.

என் மாமியார்தான் முதலில் சந்தேகப்பட்டார். “இது சளிச் சத்தம் இல்லம்மா, மூச்சை இழுக்கும்போதுதான் கத்துது பாரு” என்றார். அந்தக் கிளினிக்கில் யாரும் கவனிக்காத விஷயம் அது. வீசிங் என்பது நுரையீரலுக்குள் இருக்கும் சின்னக் குழாய்கள் சுருங்குவது; அதன் விசில் சத்தம் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது கேட்கும். மூச்சை இழுக்கும்போது கீச்சிடுவது மேலே, குரல்வளைப் பக்கத்திலிருந்து வருவது. அது நெஞ்சுக்குள்ளும் எதிரொலிப்பதால் ஸ்டெதஸ்கோப்பை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடலாம்.

அப்புறம் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். தூங்கும்போதும் பால் குடிக்கும்போதும் சட்டையில்லாமல் எடுத்த வீடியோக்களை முதலில் கேட்டார். பிறகு குழந்தையை என் மடியிலேயே வைத்து, மெல்லிய கேமராக் குழாயை மூக்கு வழியாக விட்டார். ஒன்றிரண்டு நிமிடம்தான், மயக்க மருந்து இல்லை. குரல்வளை மூடி ஓரங்கள் சுருண்டு குழாய் போல இருந்தது. அதன் பின்னால் உள்ள தொளதொளத்த சதை ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே இழுபட்டு வழியை அடைப்பதைத் திரையில் நாங்களே பார்த்தோம். இதற்கு லாரிங்கோமலேசியா என்று பெயர். நெபுலைசர் மருந்து நுரையீரல் குழாய்களின் தசையைத் தளர்த்துவது. இங்கே தசை இறுக்கமே இல்லை, ஏற்கெனவே தளர்ந்த சதைதான் சிக்கல். அது எப்படிக் கேட்கும்?

எங்களுக்கு உண்மையான நஷ்டம் எடையில்தான். ஆறாவது வாரத்தில் 4.2 கிலோ, பதினோராவது வாரத்தில் 4.5. அந்த வயதில் வாரத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் ஏற வேண்டும். ஐந்து வாரத்தில் ஏறியதே 300 கிராம். மூச்சு விடப் போராடுவதிலேயே குடித்த பாலின் சக்தி போயிருக்கிறது, பாதியில் களைத்து விட்டுவிடவும் செய்தான். கிளினிக்கில் ஒருமுறைகூட எடை பார்க்கவில்லை. புதிய மருத்துவர், நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் பால் கொடுக்கவும், கொடுத்த பின் அரைமணி நேரம் நிமிர்த்திப் பிடிக்கவும் சொன்னார். எதுக்களிப்புக்கு மருந்து கொடுத்தார். வாராவாரம் எடை பார்த்தோம்; ஏறாவிட்டால் அந்தச் சதையைச் சீர்செய்ய அறுவை சிகிச்சை என்று சொல்லியிருந்தார். மூன்று வாரத்தில் 550 கிராம் ஏறியது. அறுவை தேவைப்படவில்லை.

தலையணையைப் பார்த்ததும் அவர் கடுப்பாகிவிட்டார். குப்புறப் படுத்தால் சத்தம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் தூங்கும் குழந்தை சமமான, உறுதியான படுக்கையில் மல்லாந்தே படுக்க வேண்டும், சரிவுத் தலையணை ஆபத்து என்றார்.

எல்லாச் சத்தத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. மூக்கடைப்பின் கொர்கொர் சத்தம், உப்புநீர்ச் சொட்டு விட்டு மூக்கைச் சுத்தம் செய்தால் மாறும். ஆனால் மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் சத்தம் வந்தாலோ, அழுகுரல் கரகரப்பாகவோ பலவீனமாகவோ இருந்தாலோ அதை லாரிங்கோமலேசியா என்று தள்ளிவிடாதீர்கள். குரல்நாண் செயலிழப்போ, குரல்நாணுக்குக் கீழே அடைப்போ இருக்கலாம். இழுக்கும்போது மட்டும் வரும் சத்தத்தையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். தொண்டைக்குழியும் விலா இடுக்குகளும் ஆழமாக உள்ளே போனாலோ, உதடு நீலமானாலோ, மூச்சு 20 வினாடி நின்றாலோ வீடியோ எடுத்துக்கொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

அவனுக்கு ஆறு மாதம் வரை சத்தம் கூடிக்கொண்டேதான் போனது. அப்படித்தான் போகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. இப்போது ஒன்றேகால் வயது. சளி பிடித்தால் மட்டும் லேசாகக் கீச்சிடுகிறான்.