படிக்கட்டுச் சுவர் விளக்குகள்: மூன்று ஆண்டு அனுபவம்

சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் எங்கள் இரட்டை மாடி வீடு இருக்கிறது. ஆலையில் வேலை செய்யும் தம்பி விடியற்காலை நான்கரைக்கு இறங்குவார். கண்புரை தொடங்கியிருந்த அம்மா இரவில் ஏறி இறங்குவார். இவர்களுக்காகத்தான் படிக்கட்டின் பக்கச் சுவருக்குள் பதிக்கும் சிறு எல்.இ.டி. விளக்குகளை வைத்தோம்.

எங்களுக்கு 15 படிகள். ஒவ்வொன்றும் 175 மில்லிமீட்டர் உயரம். மூன்று படிக்கு ஒரு விளக்கு போதும் என்றார் வயரிங் செய்தவர். சுவரை உடைக்கும் முன், பேட்டரி விளக்குகளை ஒட்டி இரவில் நடந்து பார்த்தோம். விளக்கு தன் படியையும் அடுத்த கீழ்ப்படியையும் நன்றாகக் காட்டியது; மூன்றாவது படியின் விளிம்போ நிழலில் கரைந்தது. ஆகவே ஒன்று, மூன்று, ஐந்து என ஒன்றுவிட்டு ஒன்றாக எட்டு விளக்குகள் வைத்தோம். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் விளக்கு கிடைத்தது இதில் பெரிய நன்மை, ஏனெனில் இருட்டில் கால் தவறுவது பெரும்பாலும் அந்த இரண்டிலும்தான்.

தவறு விளக்கின் வகையில் நேர்ந்தது. முதலில் வாங்கியவை சுவரோடு சமமாக அமரும், பால்வெள்ளைக் கண்ணாடி முகம் கொண்ட 3 வாட் விளக்குகள். கீழே நிற்பவரின் கண் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பதால், எட்டாம் படிக்கு மேலுள்ள விளக்குகள் கண்மட்டத்திலும் அதற்கு மேலும் வரிசையாகச் சுடர்ந்தன. "வெளிச்சம் இருக்குய்யா, படிதான் தெரியல" என்றார் அம்மா. ஒளியைக் குறைத்தபோது கூச்சத்தோடு படியின் வெளிச்சமும் குறைந்தது.

எட்டு மாதம் கழித்து, ஒளிமூலம் உள்ளே ஆழமாக அமைந்து, மேலேயும் இரு பக்கங்களிலும் தடுப்புள்ள 1 வாட் விளக்குகளுக்கு மாறினோம். நிறம் 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள் கலந்த வெண்மை. பக்கத் தடுப்பே இங்கு முக்கியம்: ஏறுபவர் சுவரையொட்டிச் சாய்வாகப் பார்ப்பதால், மேல்மூடி மட்டும் ஒளிமூலத்தை மறைக்காது. இரவில் கீழ்ப்படியில் உட்கார்ந்தும், மேல்படியில் நின்றும் பாருங்கள்; படி மட்டும் தெரிந்து, எரியும் புள்ளி தெரியாவிட்டால் விளக்கு சரியானது. எங்கள் பளபளப்பான டைல்ஸில் அந்தப் புள்ளி கண்ணாடியில் போல எதிரொளித்ததால், உள்ளே மங்கல் தகடு உள்ள மாதிரியையே எடுத்தோம். சுவர்ப்பெட்டியின் அளவு ஒன்றாக இருந்ததால் மறுபடி உடைக்க வேண்டியிருக்கவில்லை.

மாடி நடைவழி சமதளம். 30 சென்டிமீட்டர் உயரத்தில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று போதுமானதாக இருக்கிறது. அங்கே விளக்குகளை அறைக்கதவுகள் உள்ள சுவரிலேயே, கதவுகளுக்கு இடையில் வைத்தோம். எதிர்ச்சுவரில் வைத்திருந்தால், கதவு திறந்திருக்கும்போது கட்டிலில் படுத்திருப்பவரின் கண்ணுக்கு நேரே வரும்.

இரண்டாம் ஆண்டில் எட்டும் ஒரே நேரத்தில் அணைந்தன. பழுதானது, விளக்குகளுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும், அனைத்துக்கும் பொதுவான டிரைவர் என்ற கருவி. அது மூடிய சீலிங்குக்குள் இருந்ததால் பலகையை வெட்டித்தான் எடுத்தோம்; புதியதைப் படிக்கட்டின் அடியிலுள்ள சாமான் அலமாரியில், கை எட்டும் இடத்தில் வைத்திருக்கிறோம்.