கடிகாரக் குறிக்கு 1,500 ரூபாய் பறித்த கடை: ஏமாறாதீர்கள்

கை நடுங்கும் கோபத்தில் எழுதுகிறேன். அரட்டைச் செயலியில் நான் அனுப்பும் செய்திகள் கடிகாரக் குறியோடு நின்றுகொண்டே இருந்ததால், கைப்பேசிப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தேன். "உள்ளே நெட்வொர்க் சில்லு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார் கடைக்காரர்.

மாலையில் வாங்கப் போனபோது என் கண்ணெதிரே ஒரு செய்தி அனுப்பிக் காட்டினார். உடனே டிக் விழுந்தது. ஒரு படமும் போயிற்று. மனம் நிறைந்து 1,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். என் கைப்பேசியைத் தன் கடை வைஃபையில் இணைத்துவிட்டுத்தான் அவர் அதைக் காட்டினார் என்பது பிறகுதான் தெரிந்தது. தெருவுக்கு வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் மறுபடியும் அதே கடிகாரம்.

திரும்பிப் போய்க் கேட்டால், "சர்வர் பிரச்சினை, நாளை சரியாகிவிடும்" என்றார். அதே நேரத்தில், அதே செயலியில், என் தங்கையின் செய்திகள் தடையின்றிப் போய்க்கொண்டிருந்தன. சர்வர் விழுந்தால் எல்லோருக்கும்தான் விழும், வைஃபையிலும் போகாது. 2021 அக்டோபர் 4 அன்று அப்படித்தான் வாட்ஸ்அப் உலகெங்கும் பல மணி நேரம் முடங்கியது. இதைச் சொன்னதும், "அப்படியென்றால் சிம் கார்டு பழையது" என்றார். இப்போது என் அழைப்பையே எடுப்பதில்லை. சில்லு போயிருந்தால் அழைப்பு வருமா? மொபைல் டேட்டாவில் இணையதளம் திறக்குமா? எனக்கு இரண்டும் முன்பும் சரியாகவே இருந்தன.

உண்மைக் காரணத்தை அலுவலக நண்பர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். Data Saver இயக்கத்தில் இருந்திருக்கிறது. அது இருக்கும்போது, திரையில் திறந்திருக்கும் செயலிக்கு மொபைல் டேட்டா கிடைக்கும். பின்னணிக்குப் போன செயலிக்குக் கிடைக்காது. நான் அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் திரையை அணைத்துப் பையில் போடுகிறவன். சிக்னல் மெதுவாக இருக்கும் இடத்தில் செய்தி கிளம்புவதற்குள் பாதை அடைபட்டுவிடும். மீண்டும் செயலியைத் திறந்தால் சற்று நேரத்தில் தானாகப் போய்விடும். இந்த அறிகுறியைக் கடையில் தெளிவாகச் சொல்லியிருந்தேன்! வைஃபைக்கு அந்தத் தடை பொதுவாக இல்லை. அதனால்தான் கடைக்குள் எல்லாம் பறந்தது. அமைப்புகளில் Unrestricted data என்ற இடத்தில் அந்தச் செயலியை அனுமதித்ததும் சரியாகிவிட்டது. ஒரு பைசா செலவில்லாத இந்த வேலைக்கு 1,500 ரூபாய்!

அவசரமாகச் சில சொல்கிறேன். கடிகாரக் குறி என்றால் செய்தி உங்கள் கைப்பேசியை விட்டே கிளம்பவில்லை. எதிராளி தடுத்துவிட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் அதே டேட்டாவில் ஒரு இணையதளத்தைத் திறந்து பாருங்கள், பிறகு Data Saver. செயலியை நீக்கி மீண்டும் நிறுவ விடாதீர்கள். போகாமல் நின்ற செய்திகள் அழிந்துவிடும். கடையில் சோதித்துக் காட்டினால் வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள், செய்தி போன பிறகு பணம் கொடுங்கள். என் 1,500 ரூபாய் இன்னும் வரவில்லை.