கிரவுண்டட் தியரியா, ஃபினாமினாலஜியா: கோத்தகிரித் தோட்டத்தில் நான் எடுத்த முடிவு

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் பெண்கள் பிரஷர் மாத்திரையை ஏன் சில நாள் போடுகிறார்கள், சில நாள் விட்டுவிடுகிறார்கள்? எம்.எஸ்சி நர்சிங் டெசர்ட்டேஷனுக்கு நான் எடுத்த கேள்வி இது. ஆய்வு முறைகளில் ஃபினாமினாலஜியை விட்டுக் கிரவுண்டட் தியரியை எடுத்தேன். மறுபடி செய்தாலும் அதையேதான் எடுப்பேன்.

இரண்டிலும் பேட்டி உண்டு, ரெக்கார்டர் உண்டு, சொல்லுக்குச் சொல் எழுதி எடுக்கும் வேலையும் உண்டு. கேள்விதான் வேறு. தத்துவ அறிஞர்கள் ஹுசெர்ல், ஹைடெக்கர் வழிவந்த ஃபினாமினாலஜி, ஓர் அனுபவம் அதை வாழ்கிறவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கும். சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் மரணத் தறுவாயில் இருந்த நோயாளிகளை மருத்துவமனைகளில் ஆராய்ந்தபோது உருவாக்கி, 1967-இல் நூலாகத் தந்த கிரவுண்டட் தியரி, இங்கே என்ன நடக்கிறது, ஆட்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்கும்.

மூன்றாவது பேட்டியில் ஓர் அக்கா சொன்னார்: "காலையில போட்டா காட்டுல நிக்க முடியாது சிஸ்டர். ஒதுங்க இடமேது? சாயந்தரம் வந்து போட்டுக்கலாம்னு நினைப்பேன், மறந்துரும்." அவருக்கு எழுதியிருந்தது நீர் மாத்திரை. போட்ட சில மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் வரும்.

ஃபினாமினாலஜியில் இந்த வரியோடு நான் உட்கார்ந்திருப்பேன். அடக்கிக்கொண்டு சரிவில் நிற்கும் உடம்பு, கூச்சம், அதன் பொருள் என்று ஆழமாகப் போயிருப்பேன். கிரவுண்டட் தியரியில் அதைச் செயலாகப் பெயரிட்டேன்: 'மாத்திரையை வேலைக்கு ஏற்றபடி நகர்த்துதல்'. உடனே அடுத்த கேள்வி வந்தது. இது உண்மையானால், யாரிடம் இது மாற வேண்டும்?

என் முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான். அடுத்து யாரைப் பார்ப்பது என்பதைப் பகுப்பாய்வே சொல்லும். கழிப்பறை உள்ள தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்யும் ஒருவரைத் தேடிப் போனேன். அவர் காலையில் தவறாமல் போடுகிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பாட்டியோ, குன்னூர் பஸ் ஏறும் நாளில் மட்டும் விட்டுவிடுகிறார். அப்படியானால் விஷயம் வேலையே இல்லை. பகுப்பாய்வின்போது எனக்காக எழுதிவைக்கும் மெமோவில் பழைய பெயரை அடித்துவிட்டு, 'ஒதுங்க இடமில்லாத நேரத்தைக் கணக்குப் போடுதல்' என்று எழுதினேன். ஃபினாமினாலஜியில் அந்த அனுபவம் உள்ளவர்களைத்தான் தேடுவோம். மாறுபடுகிறவரைத் தேடிப் போகும் இந்த வேலை அங்கே மையம் அல்ல.

இதில் ஒரு தவறும் செய்தேன். ஒரே ஞாயிற்றுக்கிழமை லைன் வீடுகளில் ஐந்து பேட்டிகளை அடுத்தடுத்து எடுத்துவிட்டேன், இடையில் எழுதவுமில்லை, சொன்னவற்றுக்குப் பெயரிடும் கோடிங் வேலையைச் செய்யவுமில்லை. ஐவரும் ஒன்றையே சொல்ல, சாச்சுரேஷன் வந்துவிட்டதென்று நம்பினேன். ஐவருமே கொழுந்து பறிப்பவர்கள். ஒரே மாதிரி ஆட்களிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும். புது ஆட்கள் வந்தும் வகைப்பாட்டில் புதிதாக எதுவும் சேராதபோதுதான் அது சாச்சுரேஷன்.

எத்திக்ஸ் கமிட்டி ஆள் எண்ணிக்கையை முன்கூட்டியே கேட்கும். "முதலில் 6 பேர், பிறகு பகுப்பாய்வு காட்டுகிறபடி, மொத்தம் 20-க்குள்" என்று எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

ஃபினாமினாலஜியை நான் கையால் செய்ததில்லை. அறைத்தோழி செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்ததோடு சரி. குறைமாதக் குழந்தையை இன்குபேட்டரில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய தாய்மார்களிடம் அவள் பேசினாள். அந்தக் கேள்விக்கு என் முறை ஒத்துவந்திருக்காது.