உருளைக்குள் கோளம், கூம்புக்குள் கோளம்: எது எவ்வளவு இடத்தை அடைக்கிறது?

உருளையில் கேள்வியே இல்லை. கோளம் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தொட வேண்டுமென்றால் உருளையின் உயரம் 2r ஆகத்தான் இருக்க முடியும். ஆரம் 3 என்றால் கோளம் 36π, உருளை 54π. விகிதம் எப்போதும் 2/3. ஆர்க்கிமிடீஸ் தன் கல்லறையில் இந்தப் படத்தைத்தான் கேட்டார் என்பார்கள்.

கூம்பு அப்படியில்லை. ஒரே கோளத்தை ஒல்லியான கூம்பும் சுற்றி நிற்கலாம், அகலமான கூம்பும் நிற்கலாம். அதனால் விகிதமும் மாறும். அடி ஆரம் 6, உயரம் 8 எடுத்துக்கொள்வோம். சாயுயரம் 10. கோளத்தின் ஆரம் Rh/(R+l), அதாவது 48/16 = 3. அதே 36π கோளம்தான். ஆனால் கூம்பு 96π. விகிதம் 3/8.

பலரும் வழுக்குவது இங்கேதான். உருளைப் பழக்கத்தில் உயரத்தைப் பாதியாக்கி ஆரம் 4 என்று போட்டுவிடுகிறார்கள். அப்போது கோளம் சுமார் 85π, விகிதம் 0.89 வரும். அந்தக் கோளம் கூம்பின் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

படம் வரையாமலே இந்தத் தவறைப் பிடிக்கலாம். கூம்பில் விகிதம் 4r(h−2r)/h². இதன் உச்சம் h = 4r ஆகும்போது, சரியாக 1/2. நம் கோளத்துக்கு உயரம் 12, அடி ஆரம் 3√2, கூம்பு 72π. விடை பாதியைத் தாண்டினால் கணக்கு தப்பு.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: இரண்டு உருவத்திலும் மொத்தப் புறப்பரப்புகளின் விகிதமும் கனஅளவு விகிதமும் ஒன்றே. கோளம் எல்லா முகங்களையும் தொடுவதால், கனஅளவு = r × புறப்பரப்பு / 3.