மாதக் கணக்கு மூட ஆலை ஸ்டேட்மெண்டுக்குக் காத்திருப்பதா, மதிப்பிட்டு மூடுவதா?

தெலுக் இந்தான் பக்கம் செம்பனைப் பழக்குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் ஒரு ராம்ப்பில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் மாதக் கணக்கு எப்போதும் ஒரே இடத்தில்தான் நின்றுபோகும், ஆலை தரும் ஸ்டேட்மெண்டில். பழத்துக்கு இறுதி விலை அந்த மாதத்தின் சராசரி விலையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மாதம் முடிந்தால்தான் சராசரி தெரியும். எங்களுக்கு அது கைக்கு வர 9, 10 தேதி ஆகிவிடும்.

அதனால் இரண்டு வழி. ஸ்டேட்மெண்ட் வரும்வரை காத்திருந்து 12ஆம் தேதி வாக்கில் மூடலாம். அல்லது எடைச் சீட்டை வைத்து விற்பனையை மதிப்பிட்டு, ஐந்தாம் வேலைநாளில் மூடலாம். இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன்.

காத்திருக்கும் வழியில் விற்பனைத் தொகை சென் வரை சரியாக இருக்கும், மறுமாதம் திருத்தும் வேலை இல்லை. ஆனால் காத்திருக்கும் நாட்களில் மற்ற வேலைகளும் தள்ளிப்போகின்றன. சம்பளத்தை 7ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும், இபிஎப், சொக்சோ 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஒரே கிராணி இரண்டையும் பார்க்கும் அலுவலகத்தில், 12ஆம் தேதி கணக்கு மூடலும் அந்தக் கட்டணங்களும் ஒன்றாக வந்து மோதும். டீசல் தொட்டியில் கம்பு விட்டு அளந்த அளவைப் பத்து நாள் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

மதிப்பிடும் வழியில் வேலைகளின் வரிசைதான் முக்கியம். கடைசி நாள் மாலை 6 மணிக்கு எடைப்பாலக் கிராணி சீட்டுகளை எண் வரிசையில் கட்டி, விட்டுப்போன எண் இல்லை என்று கையெழுத்திட வேண்டும். அதே மாலை ஸ்டோர் பொறுப்பாளர் டீசலையும் உரத்தையும் அளந்துவிடுவார். முதல் வேலைநாள் காலை 11 மணிக்குள் சம்பளக் கிராணியிடம் செக்ரோல் போக வேண்டும். இரண்டாம் நாள் கொள்முதல், மூன்றாம் நாள் வங்கிக் கணக்கு ஒப்பிடல், நான்காம் நாள் நான் விற்பனை மதிப்பீட்டைப் போடுகிறேன். ஐந்தாம் நாள் மேனேஜர் பார்த்து, மாலை 4 மணிக்கு மாதத்தைப் பூட்டிவிடுவார். ஒரு வேலைக்கு ஒரு பெயர்தான். இரண்டு பெயர் எழுதிய இடத்தில் இருவருமே மற்றவர் செய்திருப்பார் என்று இருந்துவிடுகிறார்கள்.

ஓர் அக்டோபரை எடுத்துக்கொள்வோம். எண்களைக் கணக்கு எளிதாக இருக்கும்படி வைத்திருக்கிறேன். 31ஆம் தேதி நள்ளிரவு வரை ஆலையில் எடை போட்டது 400 டன். ஒரு டன் பழத்தில் ஒரு விழுக்காடு எண்ணெய்க்கு 42 ரிங்கிட், ஆலை தரும் பிழிவு, அதாவது பழ எடையில் கிடைக்கும் எண்ணெய், 19.5 விழுக்காடு. அப்படியானால் டன்னுக்கு 819 ரிங்கிட், மொத்தம் 327,600 ரிங்கிட் அக்டோபர் வருமானம். பிறகு வந்த ஸ்டேட்மெண்டில் விலை 42.60 ஆக முடிந்து, தொகை 332,280 ஆனது. வித்தியாசம் 4,680 ரிங்கிட், அதாவது ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. அது நவம்பரில் போய்ச் சேரும். இந்த அளவு பிசகை நான் ஏற்றுக்கொள்வேன்.

இதில் விலையைவிட லோரிதான் ஏமாற்றும். 31 மாலை ராம்ப்பை விட்டுக் கிளம்பிய இரண்டு லோரி ஆலை வரிசையில் நின்று, 1ஆம் தேதி காலைதான் எடை போட்டன. 18 டன். நாங்கள் சிறு தோட்டக்காரர்களிடம் வாங்கியது அக்டோபரில், ஆலை ஏற்றுக்கொண்டது நவம்பரில். கொள்முதலை மட்டும் அக்டோபரில் விட்டால் அந்த மாத லாபம் வீணாகக் குறையும். டன் 760 ரிங்கிட்டுக்கு வாங்கிய 13,680 ரிங்கிட் சரக்கை, அக்டோபர் இறுதிக் கையிருப்பாகக் காட்ட வேண்டும். காத்திருக்கும் வழியிலும் இதே தவறு நடக்கும், ஸ்டேட்மெண்ட் இதைச் சொல்லாது. ராம்ப்பின் சீட்டு எண்ணையும் ஆலை எடைச் சீட்டின் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மதிப்பீட்டுக்கு இன்னொரு கண்டம் உண்டு. 1 நவம்பரில் அந்த 327,600 பதிவைத் திருப்பிப் போட வேண்டும். மறந்துவிட்டால், ஸ்டேட்மெண்ட் பதிவான பிறகு அதே பழம் இரண்டு முறை விற்றதாகிவிடும். நான் ஒருமுறை மறந்தேன், நவம்பர் லாபம் மலை போல நின்றது. இப்போது 12ஆம் தேதி ஒரு வரி செக்லிஸ்டில் இருக்கிறது: வரவேண்டிய வருமானக் கணக்கில் போன மாதத் தொகை பூஜ்யமா? பொறுப்பு என் பெயரில்.

எனக்கு மதிப்பிடும் வழியே பிடித்திருக்கிறது. ஆனால் அது எல்லோருக்கும் ஒத்துவராது. ஆலை நான்காம் நாளே ஸ்டேட்மெண்ட் அனுப்பினால் மதிப்பிட வேண்டிய அவசியமே இல்லை. பச்சைக் குலைக்காக ஆலை வெட்டும் எடை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கினாலும் மதிப்பீடு ஒத்துவராது. மூன்று மாதம் தொடர்ந்து வித்தியாசம் 3 விழுக்காட்டைத் தாண்டினால், வெட்டு எடையைத் தினம் வாங்கி எழுதும்வரை காத்திருக்கும் வழிக்கே திரும்புங்கள். எங்கள் நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது, அந்த மாதம் மட்டும் நாங்களும் காத்திருக்கிறோம். ஆனால் மற்ற வேலைகள் அதே நாள், அதே மணிக்கு நடக்கும். திறந்திருப்பது விற்பனை வரி ஒன்றுதான்.