ஒரே லோடுக்கு இரண்டு வாடகை: ஆலைக்காரர்கள் கவனிக்கவும்

மன்னார்குடி பக்கம் என் சித்தப்பா பங்குதாரராக இருக்கும் அரிசி ஆலையில், கணக்கு எழுதியவரே லாரி வாடகையில் பல மாதம் பணம் எடுத்திருக்கிறார். டெல்டாவில் ஆலை, உரக்கடை, நெல் மண்டி நடத்தும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

சென்னைக்கு அரிசி ஏற்றிப்போன ஒரு லாரிக்கு வாடகை 18,500 ரூபாய், பில் எண் 231. லாரிக்காரருக்கு ஒழுங்காகப் பணம் போனது. சில நாள் கழித்து அதே லோடு 231A என்ற எண்ணில் மறுபடி ஏறியிருக்கிறது. அதே எண் வந்தால்தான் மென்பொருள் எச்சரிக்கும். ஓர் எழுத்து கூடினால் அதற்கு அது வேறு பில். இந்தத் தடவை பணம் போனது, கணக்கரே கணக்கில் புதிதாகச் சேர்த்த ஒரு டிரான்ஸ்போர்ட் பெயருக்கு. வங்கி எண் அவருடைய மைத்துனருடையது. நெஃப்டில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் போகும், பெயரைப் பார்த்து அல்ல. 2025 ஏப்ரல் முதல் அனுப்பும் முன் பெயரைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. ஆனால் பார்ப்பவரும் அவரேதானே!

வங்கி மேக்கர், செக்கர் என்று இரண்டு ஐடி கொடுத்திருந்தது. ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். அமைத்துக் கொடுக்க வந்த ஆள் இரண்டுக்கும் அலுவலக மொபைல் எண்ணையே போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த போன் கணக்கர் மேசையில். மென்பொருளிலும் அவருக்கு அட்மின் உரிமை. பில் ஏற்றுவது, ஒப்புதல், பணம் அனுப்புவது எல்லாம் ஒரே நாற்காலியில்!

ஜிஎஸ்டி பக்கமும் இது சிக்கவில்லை. சாக்கு வியாபாரி பெயரில் பொய் பில் போட்டிருந்தால், விற்றவர்கள் தாக்கல் செய்த பில்கள் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் அது இல்லையே என்று ஆடிட்டர் கேட்டிருப்பார். ஜிஎஸ்டி பதிவில்லாத லாரிக்காரர் பில் அதில் வரவே வராது. கடைசியில் காட்டிக்கொடுத்தது வாட்ச்மேன் எழுதும் கேட் நோட்டு. லாரி வெளியே போனது ஒரு தடவை, வாடகை இரண்டு தடவை.

இப்போது கணக்கர் ஐடியில் பில் பதிவு மட்டும்தான் முடியும். புதுப் பெயர் சேர்க்கவோ, வங்கி எண்ணை மாற்றவோ முடியாது. அதைச் சித்தப்பா மகள் செய்கிறாள், அதுவும் லாரிக்காரருக்குப் பழைய எண்ணிலேயே போன் போட்டுக் கேட்ட பிறகு. செக்கர் ஓடிபி சித்தப்பாவின் சொந்த போனுக்கு. கேட் நோட்டு எண்ணும் எடைச் சீட்டும் இல்லாத வாடகை பில்லுக்கு அவர் ஒப்புதல் தருவதில்லை. வாட்ச்மேனும் கணக்கரும் கூட்டுச் சேர்ந்தால் இதையும் தாண்டலாம்தான். அதனால் மாதம் ஒருமுறை லாரிக்காரர்களிடமே கணக்கை ஒத்துப் பார்க்கிறார்கள்.

உங்கள் வங்கி ஐடிகள் இரண்டுக்கும் ஓடிபி எந்த போனுக்கு வருகிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஒரே எண் என்றால், வங்கிக் கிளைக்குப் போய் மாற்றும் வரை ஒவ்வொரு ஒப்புதலும் உங்கள் கையால் நடக்கட்டும்.